சொளகு போல் விரிந்த கோடு

என்னைப் பில் அடிக்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள். மதுரையில் புள்ளியியல் படித்து, பட்டமும் வாங்கிக்கொண்டு வந்தவளைப் போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் பில் அடிக்க உட்காரவைத்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வந்தது. முதல் மாதம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் அடித்தேன்.

எண்பதுகளின் கடைசி அது. முதலாளியின் மருமகன் மெட்ராசிலிருந்து ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்து இறக்கினார். கிடங்கின் ஓரத்தில் கண்ணாடித் தடுப்பு வைத்து அதற்கு ஓர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். திரையின் நெற்றியில் குங்குமம். பெரிய கணக்குப்பிள்ளை அதைத் தொடவே மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டுவிட்டார். அதனால் அது எனக்கு வந்து சேர்ந்தது. அதில் கட்டம் கட்டமாக எண் போட்டுக் கணக்குச் செய்யும் ஒரு மென்பொருள் இருந்தது. அதைப் பார்த்த அன்றே பில்லெல்லாம் எனக்குத் தூசாகிவிட்டது.

முதலாளிக்குப் போடிமெட்டுக்கு மேலே மூன்று தோட்டங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஸ்டோர். ஸ்டோர் என்றால் பறித்த பச்சைக்காயை விறகுச் சூட்டில் உலர்த்தி மூட்டை பிடிக்கும் கட்டடம். அந்த வாரம் எத்தனை கிலோ உலர்ந்தது என்று ஸ்டோரில் கணக்கெழுதும் ரைட்டர் ஒரு சீட்டு எழுதி, திங்கட்கிழமை ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் கொடுத்துவிடுவார். ஐம்பது கிலோ மூட்டைகள் மேலேயே இருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவுதான் கீழே இறங்கும். நான் நாலு வருடச் சீட்டுகளைத் தூசி தட்டி எடுத்தேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம் என்று கடையில் எல்லாரும் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று எல்லா எண்ணையும் ஏற்றினேன்.

செய்தது இவ்வளவுதான். நாலு வருடத்துக் காய்ப்பு எந்த வாரம் ஏறும், எந்த வாரம் இறங்கும் என்று ஒரு சராசரி ஓட்டம் எடுத்தேன். இந்த வருடம் அதைவிடக் கூடவா குறைவா என்று கடைசிச் சில வாரங்களைக் கொண்டு சரிசெய்தேன். அதுதான் வரப்போகும் வாரங்களுக்கான நடுக்கோடு. அது போதாது. ஊகம் என்று ஒன்று சொன்னால், அது எவ்வளவு தப்பும் என்றும் சொல்லவேண்டும். அதனால் பழைய வருடங்களில் ஒவ்வொரு வாரமாகப் போய் நின்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு ஊகித்தேன். பிறகு உண்மையில் வந்த எண்ணோடு ஒத்துப்பார்த்தேன். ஒரு வாரம் தள்ளிச் சொன்னதில் பிசகு கொஞ்சம்தான். எட்டு வாரம் தள்ளிச் சொன்னதில் பிசகு அதிகம். அந்தப் பிசகுகளை வைத்து, பத்து தடவையில் எட்டு தடவை உண்மை உள்ளே விழுகிற மாதிரி மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் போட்டேன்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதுச் சீட்டின் எண்ணைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்துவேன். மூலையில் பொறு, பொறு என்று ஓர் ஆங்கிலச் சொல் மின்னும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். பிறகு இன்னொரு பொத்தான். கரும்பலகை போன்ற திரையில் பச்சைக் கோடுகள் எழும்பும். தலைப்பில் கடைசிச் சீட்டின் தேதி. நடந்த வாரங்களுக்கு ஒற்றைக்கோடு. இன்றிலிருந்து அது மூன்றாகப் பிரிந்து, போகப் போக அகலும்.

முதலாளி முதல்முறை அதைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்ன தாயி, சொளகக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு?"

சொல்லப்போனால் அது சரியான பேர். புடைக்கிற சொளகு, அதாவது முறம், பிடி பக்கம் ஒடுங்கி, வாய் பக்கம் அகன்றிருக்குமே, அப்படித்தான். அன்றிலிருந்து கடையில் அதற்குப் பெயர் சொளகு. எனக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

"எதுக்கு இம்புட்டு அகலம்? ஒரே நம்பராச் சொல்ல மாட்டியா?"

"எட்டு வாரம் கழிச்சு நடக்கிறது எனக்கெப்படி முதலாளி தெரியும்? தெரியாததுக்குத்தான் அந்த அகலம்."

"தெரியாததுக்கா சம்பளம் குடுக்குறேன்?"

"எம்புட்டுத் தெரியாதுன்னு சொல்றதுக்குக் குடுக்கிறீங்க."

கணக்குப்பிள்ளை மேசைக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். என் வாய் அப்படி. அப்போதே அப்படித்தான்.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முப்பது வருட வியாபாரத்தில் வாங்குகிறவரிடம் ஒருமுறைகூட 'கொஞ்சம் குறையுது' என்று சொன்னதில்லை. சொன்ன மூட்டை சொன்ன நாளில் போய்ச் சேரும். ஏலக்காயில் அவருக்கு இருந்த சொத்து தோட்டம் அல்ல, அந்தப் பேச்சுதான். அதை அவரே எல்லாரிடமும் சொல்லுவார், கொஞ்சம் அதிகமாகவே சொல்லுவார்.

அந்த வருடம் ஆவணியில், கொச்சியில் இருந்த ஓர் ஏற்றுமதிக்காரர் சொல்லி அனுப்பினார். எட்டு வாரத்தில் கப்பல். அதற்குள் புதுக்காயாக அறுபத்தைந்து மூட்டை வேண்டும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புகிறேன், ஆகும் ஆகாது என்று வாக்குக் கொடுங்கள் என்றார். முதலாளி என்னிடம் வந்தார். சொளகு சொன்னது: நடுவில் எழுபத்திரண்டு மூட்டை, மேலே எழுபத்தெட்டு, கீழே அறுபத்தாறு.

"கீழ்க்கோடே அறுவத்தாறு!" என்று தொடையைத் தட்டினார். "போதும் தாயி. அறுவத்தஞ்சு குடுக்கலாம்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் மனசு குளிர்ந்துபோனது. என் கோட்டை நம்பி ஒரு பெரிய மனிதர் வாக்குக் கொடுக்கப்போகிறார் என்றால் சும்மாவா?

அடுத்த திங்கட்கிழமைச் சீட்டு வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. போட்டேன். மேல் கட்டத்தைப் பார்த்தேன். போன வாரமும் நானூற்றுப் பன்னிரண்டு.

ஒரு கிலோ கூடாமல் குறையாமல் அடுத்தடுத்து ஒரே எடையா? செடி என்ன தராசு வைத்தா காய்க்கிறது? சரி, தற்செயல் என்று நினைத்தேன். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. பழைய வருடங்களை மேலே உருட்டினேன். இரட்டை இரட்டையாக எண்கள். ஒரு வருடத்தில் மூன்று இரட்டை, ஒரு வருடத்தில் ஒன்றுமில்லை, இன்னொன்றில் நாலு. நானே ஏற்றிய எண்கள்தான். என் கண்ணெதிரே இத்தனை நாள் இருந்திருக்கின்றன. என்மேல் எனக்கே அப்படி ஒரு கோபம் வந்தது. பட்டம் எதற்கு வாங்கினேன், பரணில் போடவா?

மறுநாள் விடிந்ததும் ஆள் ஏற்றும் ஜீப்பில் ஏறிவிட்டேன். காய் பறிக்கிற பெண்களுக்கு நடுவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு தாண்டி ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தபோது ரைட்டர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தேவாரம் ஊர்க்காரர். மலையேறி இருபது வருடம் ஆகிவிட்டது. ஒரு கிலோ கூடக் களவு போகவிடாத மனிதர். அதை எல்லாரும் சொல்லுவார்கள்.

"அண்ணே, போன வாரமும் இந்த வாரமும் எப்படி ஒரே கிலோ?"

"இந்த வாரம் பறிப்பே இல்லையே தங்கச்சி. மழை. ஆளு ஏறல."

"அப்ப நானூத்திப் பன்னெண்டு?"

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார்.

"பிறகு என்ன, முட்டையவா போடச் சொல்ற? வெளைச்சல எழுதுற தாள்ல சூன்யம் எழுதலாமா? வீட்டுல அரிசி தீந்துபோனா 'இல்ல'ன்னா சொல்லுவோம்? 'நெறைஞ்சிருக்கு'ன்னுதான சொல்லுவோம்? பறிப்பு இல்லாத வாரத்துக்குப் போன வாரத்து நம்பரையே எழுதிருவேன். எனக்கு முந்தி இருந்தவரும் அப்படித்தான்."

"அப்ப கணக்கு எப்படிண்ணே சரியாகும்?"

"கடைசியில, காய் ஓயுற மாசத்துல, கூட எழுதினதையெல்லாம் கழிச்சுச் சரிக்கட்டிருவேன். வருச மொத்தம் ஒரு கிலோ பிசகாது. உங்க முதலாளியக் கேட்டுப் பாரு, என்னைக்காவது பிசகிருக்கான்னு!"

அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னதை நான் மறக்கவில்லை. பிசகியதில்லை என்பதும் உண்மைதான். வருட மொத்தம் சரியாக இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. காய்ப்பு ஓயும் மாதத்தில் கோடு ஏன் அப்படித் திடீரென்று விழுகிறது என்று நான்கூட யோசித்து, குளிர்தான் காரணம் என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருந்தேன். கோட்டிக்காரி, பைத்தியம்!

மழை வாரமும், ஆள் வராத வாரமும், தீபாவளி வாரமும் தாளில் இல்லவே இல்லை. எல்லா வருடமும் ஒரே சீராகத் தெரிந்தது. சீராகத் தெரிந்ததால் என் ஊகம் தப்பாத மாதிரி இருந்தது. தப்பாத மாதிரி இருந்ததால் சொளகு ஒடுங்கியிருந்தது. கீழ்க்கோடு அறுபத்தாறு என்பது அந்த மனிதருடைய மரியாதையான பொய்யின்மேல் நான் கட்டிய கோடு. அதைப் பிடித்துக்கொண்டுதான் முதலாளி வாக்குக் கொடுக்கப்போகிறார். எனக்கு அந்த மலைக்குளிரிலும் வேர்த்துவிட்டது.

"நெசக் கணக்கு எங்கயாவது இருக்காண்ணே?"

"உலத்துற நோட்டு இருக்கே. அடுப்புல ஏத்துன தேதி, இறக்குன எடை, எல்லாம் இருக்கும். அதுல பொய் எழுதுனா காய் கருகிப்போகும்."

நல்லவேளை. அஞ்சு நோட்டு, நாலு பழைய வருடமும் இந்த வருடமும். கொடுக்க மனசில்லாமல்தான் கொடுத்தார். "பத்திரமாத் திருப்பிக் கொண்டா" என்று மூன்று தடவை சொன்னார். "இனிமே பறிப்பில்லாத வாரத்துக்குச் சுழியமே எழுதுங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டு, நோட்டுகளை ஒரு சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்கினேன்.

புதனும் வியாழனும் அதே வேலை. ஒவ்வொரு முறை உலர்த்தியதையும் வாரவாரியாகக் கூட்டி, நாலரை வருட எண்ணையும் மறுபடி ஏற்றினேன். இருபது வரிக்கு ஒருமுறை பிளாப்பியில் பதிந்துகொண்டேன், போடிக் கரண்டை நம்ப முடியாது. பறிப்பில்லாத வாரங்களில் சுழியம் போட்டேன். ஒவ்வொரு சுழியம் போடும்போதும் ரைட்டரின் முகம் வந்து போனது.

வெள்ளிக்கிழமை காலை பொத்தானை அழுத்தினேன். பொறு, பொறு. இந்தத் தடவை டீ குடிக்கப் போகவில்லை. கோடுகள் எழும்பின. நடுக்கோடு இறங்கிவிட்டது: ஐம்பத்தெட்டு மூட்டை. மேலே எழுபது. கீழே நாற்பத்தாறு. வாயைப் பிளந்துகொண்டு நின்றது சொளகு. நான் போட்ட கோடுகளிலேயே அசிங்கமானது அதுதான். ஆனால் பார்த்த கணத்தில் மனசுக்குள் ஒரு நிம்மதி. இதுதான் எனக்குத் தெரிந்ததும் தெரியாததும், அப்பட்டமாக.

முதலாளியைக் கூப்பிட்டேன். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்தவர், திரையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"என்ன தாயி இது? போன வாரம் ஒடுக்கமா இருந்துச்சு. இன்னைக்கு இப்படி வாயப் பொளக்குது. மிசினு பொய் சொல்லுதா, நீ பொய் சொல்றியா?"

"போன வாரந்தான் பொய், முதலாளி. இது நெசம்." நடந்ததைச் சொன்னேன். ரைட்டர் மேல் பழி போகாத மாதிரி சொன்னேன். இரட்டை எண்ணைப் பார்க்கத் தவறியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கு ரைட்டர் மேல் கோபம் வரவில்லை. அவரே கிடங்கில் மூட்டை எண்ணும்போது ஒன்று என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்றுதான் ஆரம்பிப்பார். அந்த வழக்கத்தில் ஊறியவருக்கு இது எப்படித் தப்பாகத் தெரியும்? கோபமெல்லாம் கோட்டின் மேல்தான்.

"மத்தியானம் அந்தாளு வர்றான். இதையா காட்டச் சொல்ற? எனக்கே என் தோட்டம் தெரியலங்குற மாதிரி? ஒண்ணு பண்ணு. மேலயும் கீழயும் இருக்குறத அழிச்சிரு. நடுக்கோட்ட மட்டும் வெரசா அச்சுல எடு."

"மாட்டேன்."

"என்ன?"

"அழிக்க மாட்டேன். நடுக்கோடு மட்டும் இருந்தா அது ஊகமில்ல, சத்தியம்னு அந்தாளு எடுத்துக்கிருவான். நாளைக்கு அம்பது மூட்டைதான் வந்தா உங்க வாய்தான் பொய்யாப் போகும், என் மிசினு இல்ல. அழிக்கத்தான் செய்யணும்னா வேற ஆளைப் பாத்துக்கிருங்க. எனக்குப் பில் அடிக்க வேற கடை இருக்கு."

இப்போது நினைத்தால் எங்கிருந்து வந்தது அந்தத் துணிச்சல் என்று தெரியவில்லை. வேறு கடையெல்லாம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணக்குப்பிள்ளை எழுத்தை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முதலாளி என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அப்போதுதான் காலில் செருப்பு இருப்பதைப் பார்த்து அதைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்தார்.

"இந்தக் கீழ்க்கோடு நாப்பத்தாறு. இது நிக்குமா?"

"பத்துல ஒரு தடவை இதுக்கும் கீழ போகும். அதுவும் நாலு வருசக் கணக்க வச்சுத்தான் சொல்றேன். அதுக்கு மேல என்னால உறுதி தர முடியாது."

"பத்துல ஒண்ணு," என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "சரி. மூணு கோட்டோடயும் எடு."

கொச்சிக்காரருடைய ஆள் வந்தார். அச்சுப்பொறி கரகரவென்று இழுத்துத் தந்த தாளை முதலாளி அவர் முன்னால் விரித்தார். தன் தோட்டத்தைப் பற்றித் தனக்கு எவ்வளவு தெரியாது என்று ஒரு வியாபாரி வாங்குகிறவரிடம் காட்டியதை நான் அன்றுதான் பார்த்தேன். "வாக்கு நாப்பத்தஞ்சுக்கு. அதுக்கு மேல காய்ச்சா உங்களுக்குத்தான் மொதல்ல. அறுவத்தஞ்சுன்னு சொல்லச் சொன்னா என்னால ஆகாது." வந்தவர் முகம் சுருங்கியது. கீழத்தெருக் கடையில் அறுபத்தைந்து தருகிறேன் என்கிறார்களே என்றார். "அங்கன வாங்கிக்கிருங்க," என்றார் முதலாளி. வந்தவர் கடைசியில் நாற்பத்தைந்துக்குத் தலையாட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கீழத்தெருவுக்குப் போனார். முதலாளி அந்தத் தாளை மடித்துக் கல்லாவில் போட்டுப் பூட்டினார்.

ஐப்பசியில் மழை பிடித்தது பாருங்கள், அப்படி ஒரு மழை. மெட்டுப்பாதையில் மண் சரிந்து ஐந்து நாள் ஜீப்பு ஏறவில்லை. பறிப்பில்லை. அடுத்த திங்கட்கிழமை வந்த சீட்டைப் பிரித்தேன். மேலே பிள்ளையார் சுழி. ஓரத்தில் நாலு மூலைக்கும் மஞ்சள். நடுவில் ஒரு சுழியம். அவ்வளவுதான். அந்த மனிதர் தன் இருபது வருட வழக்கத்தை எனக்காக உடைத்து, பரிகாரமும் செய்து அனுப்பியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடி அறையில் அழுதால் எல்லாருக்கும் தெரியும் என்பதால் தும்முகிற மாதிரி நடித்தேன்.

அந்தச் சுழியத்தைப் போட்டு அழுத்தினேன். நடுக்கோடு இறங்கியது. ஆனால் மிச்ச வாரங்கள் குறைந்துவிட்டதால் சொளகின் வாயும் ஒடுங்கியது. அதன்பிறகு இன்னும் இரண்டு வாரம் மஞ்சள் தடவிய சுழியம். முதலாளி ஒவ்வொரு திங்கட்கிழமையும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கீழ்க்கோட்டை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை என்று யாரிடம் சொல்ல?

எட்டாவது வாரம் மூட்டைகள் இறங்கின. லாரி வாசலில் நின்றது. கொச்சிக்காரருடைய ஆள் வந்திருந்தார். முகம் வாடியிருந்தது. கீழத்தெருவில் இருபதுக்கு ஒன்பதுதான் கிடைத்ததாம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே எண்ண நின்றார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நாற்பத்தைந்து வந்தது. அவர் குரல் நிற்கவில்லை. நாற்பத்தாறு, நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அதோடு கிடங்கு காலி. நாற்பத்தொன்பது மூட்டை. என் பழைய ஒடுக்கமான சொளகின் கீழ்க்கோட்டுக்குப் பதினேழு மூட்டை கீழே. புதிய அகலமான சொளகுக்குள்ளே, விளிம்புக்குச் சற்று மேலே. முப்பது வருடப் பேச்சு வாக்குக்கு மேலே வந்த அந்த நாலு மூட்டையில் தப்பியது.

"அடுத்த வருசத்துக்கு இப்பமே ஒரு நம்பர் சொல்லிருங்களேன் அண்ணாச்சி," என்றார் வந்தவர். "உங்க வாக்குன்னா நம்பலாம்."

முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடி அறைப் பக்கம் கையைக் காட்டினார். ஊரே கேட்கிற குரலில் சொன்னார்.

"ஒத்த நம்பருன்னா வேற கடையப் பாருங்க. சொளகு வேணும்னா எங்க புள்ளையக் கேளுங்க. எம்புட்டுத் தெரியாதுன்னு சொல்ல இந்தப் போடியில அவ ஒருத்திதான் இருக்கா."

கணக்குப்பிள்ளை மேசைக்குக் கீழே குனியவில்லை. அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொத்தானை அழுத்திவிட்டு, டீ குடிக்கப் போனேன்.